"போல" வராவிட்டால் அது உருவகமா?

உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வேறுபாடு என்று பள்ளி மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "போல என்ற சொல் வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம்." நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக இருப்பதால் இந்த விடை வகுப்பு வகுப்பாகக் கைமாறி வருகிறது. ஆனால் இதைக் கொண்டு பாடல்களைப் படிக்கத் தொடங்கினால் மிக விரைவில் தடுமாற்றம் வருகிறது. "மதிமுகம்" என்பதில் போல இல்லை. ஆயினும் அது உவமை. "அகர முதல எழுத்தெல்லாம்" என்று தொடங்கும் முதல் குறளிலும் போல இல்லை. அதுவும் உவமையின் வகையே. "மழை வரும் போலிருக்கிறது" என்பதில் போல இருக்கிறது. அங்கே உவமையும் இல்லை, உருவகமும் இல்லை.

ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று தேடுவதை விட்டு, அந்தச் சொல் செய்யும் வேலையைக் கவனித்தால் இந்தத் தடுமாற்றம் நீங்கும். கவிதைப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் அதை எந்த வரிசையில் விளக்கலாம் என்பதைக் கருத்தில் கொண்டே இந்தக் கட்டுரை அமைகிறது.

உவமையின் நான்கு உறுப்புகள்

"இட்லி மல்லிகைப்பூப் போல இருக்கிறது" என்று வீட்டில் சொல்கிறோம். இந்தச் சிறிய தொடரில் உவமையின் உறுப்புகள் அனைத்தும் அடங்கியுள்ளன. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது பொருள். இதை உவமேயம் என்றும் சொல்வர். இங்கே இட்லி பொருள். அதை விளக்குவதற்காக வெளியிலிருந்து கொண்டுவரப்படும் மல்லிகைப்பூ உவமானம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் வெண்மையும் மென்மையும் பொதுத்தன்மை. இரண்டையும் இணைத்துக் காட்டும் "போல" உவம உருபு. "போல" ஒன்றே உவம உருபு என்று எண்ண வேண்டியதில்லை. ஒப்ப, நிகர, அன்ன, மான, கடுப்ப என்று நன்னூல் ஒரு நீண்ட வரிசையையே தருகிறது.

இந்தத் தொடரில் வெண்மை, மென்மை என்ற சொற்கள் வெளிப்படையாக வரவில்லை. கேட்பவரே அவற்றை எடுத்துக்கொள்கிறார். அதோடு, மல்லிகையின் மணத்தை அவர் இட்லிக்கு ஏற்றுவதில்லை. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் இருக்க, அவற்றில் எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று கேட்பவர் நொடியில் பிரித்துவிடுகிறார். உவமையைப் படிப்பது என்பது உண்மையில் இந்தப் பிரித்தெடுப்புதான். மாணவர்களிடம் "உவம உருபு எது?" என்று கேட்பதைவிட, "மல்லிகையிலிருந்து இட்லிக்கு வந்தது எது, வராதது எது?" என்று கேட்பது அவர்களைக் கவிதைக்கு அருகில் கொண்டுவரும்.

"இன்றைய இட்லி நேற்றைய இட்லியைப் போல இருக்கிறது" என்றால் அது உவமை ஆகுமா? ஆகாது. இங்கே உருபு இருக்கிறது, ஒப்பீடும் இருக்கிறது. ஆனால் ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அளவையும் தரத்தையும் சொல்வதற்கான வெறும் ஒப்பீடு அது. "தம்பி அண்ணனைப் போல உயரமானவன்" என்பதும் அத்தகையதே. வேறு வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு பொருள்களுக்கிடையே ஓர் ஒற்றுமையைக் கண்டு சொல்லும்போதுதான் அது அணியாகிறது.

அந்த ஒற்றுமை எதனால் அமையலாம் என்பதைத் தொல்காப்பியத்தின் உவமவியல் முதல் நூற்பாவிலேயே கூறிவிடுகிறது: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." செயலால் ஒத்திருப்பது வினை உவமம், வீரன் புலி போலப் பாய்கிறான். விளையும் பயனால் ஒத்திருப்பது பயன் உவமம். வள்ளலின் கை மழை போலக் கொடுக்கிறது. வடிவத்தால் ஒத்திருப்பது மெய் உவமம். இடை உடுக்கையைப் போல நடுவில் சிறுத்திருக்கிறது. நிறத்தால் ஒத்திருப்பது உரு உவமம். வாய் பவளம் போலச் சிவந்திருக்கிறது.

குறுந்தொகையின் 40ஆம் பாடலில் வரும் "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்ற அடிகளை இந்த நான்கில் எதில் சேர்ப்பது என்று வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் மண்ணோடு கலந்து, அதன் நிறத்தைப் பெற்று, மீண்டும் பிரிக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. நிறத்தைப் பற்றிய பேச்சு இருப்பதால் சில மாணவர்கள் இதை உரு உவமம் என்பார்கள். ஆனால் பாடல் நெஞ்சுக்கு ஏற்றுவது சிவப்பு நிறத்தை அன்று, கலத்தல் என்னும் செயலை. "கலந்தனவே" என்ற வினைமுற்றே அதற்குச் சான்று. இந்த உவமையின் அழகாலேயே, இயற்பெயர் தெரியாத அப்புலவர் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கப்படுகிறார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம். உவமையில் இரண்டு வேறு பொருள்கள் இரண்டாகவே நிற்கின்றன. அவற்றுக்கிடையே ஒரு பாதை மட்டும் போடப்படுகிறது. இட்லி இட்லியாகவும் மல்லிகை மல்லிகையாகவும் இருக்கின்றன.

உருவகத்தில் நடப்பது என்ன?

கூத்தில் அரசன் வேடம் கட்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். மேடைக்கு வந்தபின் அவர் அரசனைப் போன்றவர் அல்லர், அரசனே. அவர் நடையும் பேச்சும் அரசனுக்கு உரியவை. வேடத்துக்குள் இருப்பவர் யார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். தெரிந்தும் அவரை அரசனாகவே ஏற்றுக்கொள்கிறார். உருவகம் பொருளுக்கு உவமானத்தின் வேடத்தைக் கட்டிவிடுகிறது. தண்டியலங்காரம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: "உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின் அஃது உருவகம் ஆகும்." இந்த வரையறையில் உருபைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டுக்கும் இடையே இருந்த வேற்றுமை நீங்கி, இரண்டும் ஒன்றென ஆக்கப்பட்டனவா என்பதே கேள்வி.

வேடம் கட்டிய பிறகு செயலும் வேடத்துக்கு ஏற்ப மாறும் என்பதுதான் வகுப்பறைக்கு மிகவும் பயன்படும் அடையாளம். 10ஆம் குறளைப் பார்ப்போம்.

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்

பிறவி என்பது கருத்து; அதை யாரும் நீந்த முடியாது. ஆனால் பிறவியைக் கடலாக்கிய உடனே "நீந்துவர்" என்ற வினை இயல்பாக வந்து அமர்கிறது. அந்த வினை பிறவிக்கு உரியதன்று, கடலுக்கு உரியது. இதையே உவமையாகச் சொல்லியிருந்தால் "பிறவி கடலைப் போல எல்லையற்றது, அதைக் கடப்பது அரிது" என்பதோடு நின்றிருக்கும். அங்கே பிறவி ஒரு பக்கமும் கடல் மறுபக்கமும் நிற்க, நாம் கரையிலிருந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்போம். உருவகம் நம்மை நீருக்குள் இறக்கிவிடுகிறது.

இந்தக் குறளில் இன்னொன்றும் இருக்கிறது. பிறவியைக் கடல் ஆக்கிய வள்ளுவர், அதைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்றோ தோணி என்றோ ஆக்கவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகப்படுத்தி மற்றொன்றை நம் ஊகத்துக்கு விட்டுவிடுவதை ஏகதேச உருவகம் என்பர். "இங்கே சொல்லாமல் விடப்பட்ட தோணி எது?" என்று மாணவர்களைக் கேட்டால், அவர்களே "இறைவன் அடி" என்று கண்டுபிடித்துச் சொல்லும்போது இந்தக் கலைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

தேன்தமிழும் தமிழ்த்தேனும்

மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் இது; இதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். "தேன்தமிழ்" உவமையா, உருவகமா? "தமிழ்த்தேன்" எது? இரண்டிலும் அதே இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன; இரண்டிலும் உருபு வெளிப்படையாக இல்லை. மாறியிருப்பது வரிசை மட்டுமே. "போல" சூத்திரத்தை நம்பிய மாணவர் இரண்டையும் உருவகம் என்று எழுதிவிடுவார்.

தமிழில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து ஒரு தொடரானால், பொதுவாகப் பின்னால் நிற்கும் சொல்லே தலைமைச் சொல்லாகிறது. "பால்மாடு" என்றால் நாம் பேசுவது மாட்டைப் பற்றி. "மாட்டுப்பால்" என்றால் பாலைப் பற்றி. முன்னால் வரும் சொல், பின்னால் வரும் சொல் எத்தகையது என்று விளக்கும் அடையாக நிற்கிறது. இதை அப்படியே தேனுக்கும் தமிழுக்கும் பொருத்திப் பார்க்கலாம். "தேன்தமிழ்" என்பதில் தலைமைச் சொல் தமிழ். எத்தகைய தமிழ் என்றால், தேன் போன்ற தமிழ். பொருள் தன் இடத்திலேயே இருக்கிறது, உவமானம் அதற்கு அடையாக வந்திருக்கிறது. எனவே இது உவமை. "போல" அல்லது "போன்ற" என்ற உருபு நடுவே மறைந்து நிற்பதால் இதை உவமைத்தொகை என்கிறோம். "தமிழ்த்தேன்" என்பதில் தலைமைச் சொல் தேன். எது தேன் என்றால், தமிழாகிய தேன். பொருள் தன் தலைமையை உவமானத்துக்குக் கொடுத்துவிட்டது. அதாவது வேடம் கட்டப்பட்டுவிட்டது. எனவே இது உருவகம்.

இதே முறையில் மதிமுகம், பவளவாய், கயல்விழி, மலரடி ஆகியவை உவமைத்தொகைகள். முகமதி, வாய்ப்பவளம், விழிக்கயல், அடிமலர் ஆகியவை உருவகங்கள். நடுவே "போன்ற" என்ற சொல்லை வைத்துப் பொருள் சரியாக வந்தால் உவமை, "ஆகிய" என்ற சொல்லை வைத்துப் பொருள் சரியாக வந்தால் உருவகம் என்று சோதிக்கலாம். கயல் போன்ற விழி என்று சொல்ல முடியும். கயலாகிய விழி என்று சொல்வதில்லை. பெரும்பாலான வகுப்புகளில் கயல்விழி என்றோ மதிமுகம் என்றோ பெயருள்ள மாணவி ஒருவர் இருப்பார். அந்தப் பெயரையே கரும்பலகையில் எழுதி, சொற்களை மாற்றிப் போட்டுக் காட்டினால் பாடம் உடனே பதிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. முன்பு வினையை ஓர் அடையாளமாகக் கொண்டோம். "அவளுடைய மலர்முகம் மலர்ந்தது" என்ற தொடரை எடுத்துக்கொண்டால், மலர்தல் பூவின் செயல் என்பதால் இதை உருவகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தலைமைச் சொல் முகமே. மலர் போன்ற முகம் என்பதே பொருள். முகம் மலர்தல் என்பது நெடுங்காலமாக வழக்கில் ஊறிப்போய், முகத்துக்கே உரிய வினை போல ஆகிவிட்டது. எனவே இரண்டு சொற்கள் ஒட்டி வரும் தொகைகளில் முதலில் சொல்வரிசையைப் பார்க்க வேண்டும். வினையைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

சுருங்கச் சொன்னால், உருபு மறைந்திருக்கும்போது கடைசியில் நிற்பது எது என்று பார்க்க வேண்டும். பொருள் கடைசியில் நின்றால் உவமைத்தொகை; உவமானம் கடைசியில் நின்றால் உருவகம். "அவன் ஒரு புலி" என்ற முழு வாக்கியத்திலும் இதுவே நடக்கிறது. அங்கே பயனிலையாக வந்து வாக்கியத்தை முடித்துவைப்பது புலிதான்.

உருபே இல்லாத உவமை வாக்கியம்

தொகையில் மட்டுமன்றி முழு வாக்கியங்களிலும் உருபு மறைந்து வருவதுண்டு.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

எழுத்துகள் எல்லாம் அகரத்தை முதலாக உடையவை என்பது ஒரு வாக்கியம். உலகம் ஆதிபகவனை முதலாக உடையது என்பது இன்னொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவே "அதுபோல" என்ற சொல் இருந்திருக்க வேண்டும். கவிஞர் அதை விட்டுவிட்டார். இவ்வாறு உவமையும் பொருளும் தனித்தனி வாக்கியங்களாக நிற்க, உருபு மட்டும் மறைந்து வருவதை எடுத்துக்காட்டு உவமை என்பர். இது ஏன் உருவகம் ஆகவில்லை என்பதை மாணவர்களே சொல்லும்படி செய்யலாம். உலகம் எழுத்தாக ஆக்கப்படவில்லை. ஆதிபகவன் அகரமாக ஆக்கப்படவில்லை. இரண்டு செய்திகளும் அருகருகே தனித்தனியாக நிற்கின்றன. "உலகம் என்னும் எழுத்து வரிசைக்கு அகரம் இறைவன்" என்று சொல்லியிருந்தால்தான் அது உருவகமாகியிருக்கும்.

உருவகத்திலும் வெளிப்படையான அடையாளச் சொற்கள் வருவதுண்டு. ஆகிய, ஆக, என்னும் ஆகியவை அத்தகையவை. ஆனால் அவற்றையும் கண்மூடித்தனமாக நம்பக் கூடாது. "அவர் ஆசிரியராகப் பணியாற்றுகிறார்" என்பதில் உருவகம் இல்லை. அவர் உண்மையிலேயே ஆசிரியர்.

ஒரு பாசுரத்தைப் படித்துப் பார்த்தல்

இதுவரை சொன்னவற்றை ஒரே பாடலில் பொருத்திப் பார்க்கப் பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதியின் முதல் பாசுரம் மிகவும் ஏற்றது.

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா – நன்புருகி
ஞானச் சுடர்விளக்கு ஏற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்

தகளி என்பது அகல். தகளியா என்பது தகளியாக என்பதன் குறுகிய வடிவம். முதலில் மாணவர்களை இரண்டு நிரல்களில் எழுதச் சொல்லலாம்: ஒரு பக்கம் கவிஞர் பேசும் பொருள்கள், மறுபக்கம் அவை எவையாக ஆக்கப்பட்டன என்பது. அன்பு அகல், ஆர்வம் நெய், சிந்தை திரி, ஞானம் விளக்கு என்று எழுதியதும், நான்கு உருவகங்களும் சேர்ந்து ஒரே விளக்காக நிற்பதைப் பார்க்கலாம். பிறவிக்கடலைச் சொல்லித் தோணியைச் சொல்லாமல் விட்ட குறளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இங்கே ஆழ்வார் எந்த உறுப்பையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்து, இந்த உறுப்புகள் இப்படித்தான் இணைய வேண்டுமா என்று கேட்க வேண்டும். அன்பை நெய்யாகவும் ஆர்வத்தை அகலாகவும் மாற்றிப் போட்டால் என்ன கெடும்? அகல் மற்ற அனைத்தையும் தாங்கி நிற்பது. நெய் எரிந்து கரைந்து சுடரை வளர்ப்பது. ஆர்வம் மிகுவதும் குறைவதுமாக இருப்பது. நெய்யும் அவ்வாறே ஊற்றி நிரப்பப்படுவது. அன்போ இவற்றுக்கெல்லாம் அடியில் நின்று தாங்குவது. திரி அகலில் கிடந்து நெய்யை உறிஞ்சி எரிகிறது. சிந்தையும் அன்பில் தங்கி ஆர்வத்தை உறிஞ்சுகிறது. ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய வேலையைச் செய்வதால்தான் உருவகம் முழுமையடைகிறது. மாணவர்கள் வேறு பொருத்தங்களைச் சொன்னால் அவற்றையும் கேட்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் இத்தகைய காரணம் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக வினையைப் பார்க்க வேண்டும். "ஏற்றினேன்" என்பது விளக்குக்கு உரிய வினை. ஞானத்தைப் பெறலாம், அடையலாம், ஆனால் ஏற்ற முடியாது. வேடம் இறுதிவரை கலையாமல் நிற்கிறது என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று.

கடைசியாக, பாசுரத்தை உவமையாக மாற்றி எழுதச் சொல்லலாம். "அன்பு அகலைப் போன்றது, ஆர்வம் நெய்யைப் போன்றது, சிந்தை திரியைப் போன்றது" என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அதன்பின் "ஏற்றினேன்" என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். மூன்று ஒப்புமைகள் வரிசையாகக் கிடக்கின்றனவே தவிர, ஏற்றுவதற்கு ஒரு விளக்கு அங்கே இல்லை. உருவகத்தின் வலிமையை விரிவுரையால் விளக்குவதைவிட, இந்தத் தடையை மாணவர்கள் தாமே சந்திப்பது நல்லது.

விடை ஒன்றாக அமையாத இடங்கள்

சில தொடர்கள் இந்தச் சோதனைகளுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. "காலம் ஓடுகிறது", "மலையடி" போன்றவை ஒரு காலத்தில் உருவகங்களாகத் தோன்றி, இன்று இயல்பான சொல்வழக்காக நிலைத்துவிட்டவை. தேர்வில் இவற்றை உருவகம் என்று காட்டச் சொல்வதால் பயன் இல்லை. பொருளைச் சொல்லாமல் உவமானத்தை மட்டும் சொல்லும் பாடல்களும் உண்டு. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று 475ஆம் குறள் சொல்கிறது; எளிய பகைவரே ஆனாலும் பலர் சேர்ந்தால் வலியவனும் கெடுவான் என்பதே அது உணர்த்தும் பொருள், ஆனால் பகைவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இது பிறிதுமொழிதல் என்ற தனி அணி. பொருளும் உவமானமும் ஆகிய இரண்டில் ஒன்று முழுவதும் மறைந்திருந்தால், உவமையா உருவகமா என்ற கேள்வியை அங்கே எழுப்ப வேண்டியதில்லை.

இவற்றைவிடக் கடினமானது "கண்ணீர் மழையாகப் பொழிந்தது" போன்ற தொடர். கண்ணீரே மழையாகிவிட்டது, பொழிதலும் மழைக்கு உரிய வினை, எனவே இது உருவகம் என்று ஒரு மாணவர் வாதிடலாம். "மழையாக" என்பது பொழிந்த விதத்தைத்தான் சொல்கிறது, மழை போலப் பொழிந்தது என்பதே பொருள், எனவே இது உவமை என்று இன்னொருவர் மறுக்கலாம். "ஆக" என்ற சொல் தமிழில் இரண்டு வேலைகளையும் செய்வதால் இரண்டு வாதங்களிலும் நியாயம் இருக்கிறது. "கண்ணீர் மழை பொழிந்தாள்" என்று மாற்றினால் ஐயம் நீங்கும். தலைமைச் சொல் மழை ஆகிவிடுகிறது, கண்ணீராகிய மழை என்றே பொருள் கொள்ள முடிகிறது, அது உருவகம். ஆசிரியர் வினாத்தாள் அமைக்கும்போது இந்த இரண்டாம் வடிவத்தைக் கொடுப்பது நலம். முதல் வடிவத்தைக் கொடுத்திருந்தால், உவமை என்று எழுதியவரோ உருவகம் என்று எழுதியவரோ, "கண்ணீர் இங்கே தனியாக நிற்கிறதா, மழையோடு ஒன்றாகிவிட்டதா" என்பதற்குத் தம் காரணத்தை எழுதியிருக்கிறாரா என்று பார்த்தே மதிப்பெண் வழங்க வேண்டும்.